வீட்டுக்கு மறைப்பது வேறு, உங்களுக்கே மறைப்பது வேறு

அஞ்சு மாசமா ஒருத்தரோட தினமும் பேசுறீங்க. காலையில முதல் மெசேஜ் அவங்களுக்கு, ராத்திரி கடைசி மெசேஜும் அவங்களுக்கு. வாரத்துல மூணு நாள் சேர்ந்து சாப்பிடுறீங்க. ஒருநாள் கிளாஸ்ல யாரோ "அவங்க உனக்கு யாரு?"னு கேக்குறாங்க. உங்க வாயிலிருந்து வர்ற பதில்: "அதெல்லாம் இல்ல... சும்மா... தெரியல."

இந்த "தெரியல"வுக்கு இப்போ ஒரு பேர் இருக்கு. சிச்சுவேஷன்ஷிப். 2023-ல ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க "ஆண்டின் சொல்" தேர்ந்தெடுத்தப்போ இறுதிப் பட்டியல்ல இந்த வார்த்தையும் இருந்தது. ஆனா ஒரு சிக்கல். எந்த உறவா இருந்தாலும் தொடக்கத்துல கொஞ்ச நாள் பேர் இல்லாமத்தான் இருக்கும். பார்த்த முதல் வாரமே "நாம லவ்வர்ஸ்"னு யாரும் பத்திரம் எழுதிக்கிறதில்லை. அப்போ உங்களோடது மெதுவா வளர்ற காதலா, இல்ல எங்கேயும் போகாம நிக்கிற சிச்சுவேஷன்ஷிப்பா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இணையத்துல இதுக்கு நிறைய பட்டியல் கிடைக்கும். "உங்களை அவங்க குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தினாங்களா? இன்ஸ்டால உங்க போட்டோ போட்டாங்களா? வெளிய கையைப் பிடிச்சு நடக்குறாங்களா?" மூணுக்கும் இல்லைன்னா சிச்சுவேஷன்ஷிப், முடிஞ்சது கதை.

இந்தப் பட்டியலைத் தாம்பரத்துக்குக் கொண்டு வந்தா, இங்க இருக்கிற உண்மையான காதல்கள்ல பாதி ஃபெயில் ஆயிடும். நம்ம ஊர்ல கையைப் பிடிச்சு ஜி.எஸ்.டி. ரோட்ல நடந்தா, சாயங்காலத்துக்குள்ள யாராவது ஒரு சித்தப்பாவோட ஃபிரண்ட் வீட்டுக்கு போன் போட்டுருவார். இன்ஸ்டா ஸ்டோரியைக் கசின் பார்ப்பா, கசின் பார்த்தா அத்தைக்குத் தெரியும். சில வீடுகள்ல தெரிஞ்சா திட்டு மட்டும்தான். சில வீடுகள்ல படிப்பை நிறுத்திடுவாங்க. சாதி குறுக்கே வந்தா அதைவிட மோசமாவும் போகும்னு நாம செய்தியில படிச்சுக்கிட்டேதான் இருக்கோம். அதனால இங்க மறைக்கிறது ஒரு ஆதாரமே இல்லை. உயிருக்கு உயிரா நேசிக்கிறவங்களும் மறைக்கிறாங்க, பொழுதுபோக்குக்குப் பழகுறவங்களும் மறைக்கிறாங்க.

என் கருத்து இதுதான்: நம்ம ஊர்ல "மறைக்கிறாங்களா?"னு கேக்கக் கூடாது. "யாருக்கு மறைக்கிறாங்க?"னு கேக்கணும். வீட்டுக்கு மறைச்சா அது பயமோ ஜாக்கிரதையோ. உங்களுக்கே மறைச்சா அதுதான் சிச்சுவேஷன்ஷிப்.

ரெண்டு ஜோடி, ஒரே லோக்கல் ட்ரெயின்

புரியுறதுக்காக ரெண்டு ஜோடியைக் கற்பனை பண்ணிக்குவோம். ரெண்டு ஜோடியும் வண்டலூர் பக்கம் ஒரே காலேஜ். ரெண்டுலயும் பொண்ணு குரோம்பேட்டையில வீட்டுல இருந்து வர்றா. பையன் தென்மாவட்டம், மேற்குத் தாம்பரத்துல நாலு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். ஆகஸ்ட்ல பழக ஆரம்பிச்சாங்க, இப்போ ஜனவரி. சாயங்காலம் வண்டலூர்ல பீச் போற லோக்கல்ல சேர்ந்து ஏறுவாங்க. அவன் தாம்பரத்துல இறங்கணும், ஆனா பல நாள் குரோம்பேட்டை வரைக்கும் கூடவே போய்ட்டுத் திரும்பி வருவான். ரெண்டு ஜோடியும் வேளச்சேரியில படம் பார்த்திருக்காங்க. கோவளம் போயிருக்காங்க. ரெண்டு வீட்டுக்கும் எதுவும் தெரியாது. ஸ்டோரி கிடையாது. "நாம கமிட்டட்"னு யாரும் சொன்னதும் கிடையாது.

வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு. இப்போ உள்ளே போவோம்.

முதல் ஜோடியில, "வீட்டுக்கு ஏன் சொல்லல?"னு கேட்டா ரெண்டு பேருகிட்டயும் ஒரே பதில் வரும். "எங்கப்பா இப்போ கேட்டா காலேஜை நிறுத்திடுவார், வேலை கிடைச்சதும் பேசலாம்னு இருக்கோம்." "இருக்கோம்"ங்கிற அந்தப் பன்மையைக் கவனிங்க. மறைக்கிறதுங்கிறது ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. அது எதுக்கு, எதுவரைக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அவனோட ரூம்மேட்ஸுக்கு அவளைத் தெரியும், அவளோட ரெண்டு நெருங்கிய தோழிகளுக்கு அவனைத் தெரியும்.

இரண்டாவது ஜோடியில அதே கேள்வியைக் கேட்டா அவ சொல்றா: "அவனுக்கு இப்படி இருந்தாத்தான் பிடிக்கும்போல." அந்தப் "போல"தான் விஷயம். ஏன் மறைக்கிறோம்னு அவளுக்கே தெரியாது, ஊகிக்கிறா. அவனோட ரூம்மேட்ஸ் எதிர்ல வந்தா அவன் ரெண்டடி தள்ளி நடக்கிறான். ரூம்மேட்டால அவங்க அப்பாவுக்கு எந்தத் தகவலும் போகப் போறதில்லை. அப்போ அது யாருக்காக மறைக்கிறது?

இதுதான் முதல் சோதனை. ஆபத்தே இல்லாத இடத்துலயும் மறைப்பு தொடருதான்னு பாருங்க. தெருவுல தள்ளி நடக்கிறது புரியுது. தெரிஞ்சாலும் ஒண்ணும் ஆகாத நாலு பேர் முன்னாடி கூட நீங்க "கிளாஸ்மேட்" மட்டும்தான்னா, அந்த மறைப்புக்கு வீடு காரணம் இல்லை.

களவுக்கும் ஒரு கெடு இருந்தது

"வீட்டுக்குத் தெரியாம பழகுறதெல்லாம் இந்தக் காலத்துப் பழக்கம்"னு சொல்றவங்க பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காப் படிக்கலைன்னு அர்த்தம். சங்க அக இலக்கணத்துல வீட்டுக்குத் தெரியாத காதலுக்குப் பேரே களவு. ஊரறிஞ்சு மணமுடிச்ச பிறகு அது கற்பு. களவுக் காலத்துல எங்க, எப்போ சந்திக்கிறதுன்னு முன்கூட்டியே குறிச்ச இடம் இருக்கும். பகல்ல சந்திச்சா பகற்குறி, ராத்திரியில சந்திச்சா இரவுக்குறி. ஊருக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா தலைவிக்கும் தலைவனுக்கும் எல்லாம் தெரியும். தோழிக்கும் தெரியும்.

இதுல நமக்கு உதவுற விஷயம் ரெண்டு. ஒண்ணு, இறையனார் அகப்பொருள்ங்கிற பழைய இலக்கண நூல் களவுக்கு ஒரு கால எல்லை வெச்சிருக்கு. ரெண்டு மாசம். அதுக்குள்ள திருமணத்தை நோக்கி நகரணும். ரெண்டாவது, தலைவன் நகராம சந்திச்சிட்டு மட்டும் போய்ட்டிருந்தா, தோழி நேரா அவன்கிட்ட போய்ப் பேசுவா. "ஊர் பேச ஆரம்பிச்சிருச்சு, வீட்டுல காவல் அதிகமாயிருச்சு, நீ வர்ற வழியும் ஆபத்து, என்ன முடிவு பண்ணியிருக்க?"ங்கிற தொனியில. இதுக்குப் பேர் வரைவு கடாதல். குறுந்தொகையிலும் அகநானூறுலயும் இந்தத் துறையில நிறைய பாட்டு இருக்கு. இன்னைக்கு நாம "வாட் ஆர் வீ?"னு கேக்கத் தயங்குற கேள்விக்கு நம்ம ஆளுங்க ஒரு துறையே ஒதுக்கி வெச்சிருந்தாங்க.

அந்த ரெண்டு மாசக் கணக்கை அப்படியே எடுத்துக்கிட்டு அறுபத்தோராவது நாள் பிரேக்கப் பண்ணுங்கன்னு நான் சொல்லல. அது கல்யாணத்துக்கான கணக்கு, இருபது வயசுல நமக்கு அது பொருந்தாது. ஆனா அதுக்குள்ள இருக்கிற புத்தி பொருந்தும். ரகசியம் தப்பில்லை. முடிவுத் தேதியே இல்லாத ரகசியம், அதைத் தாங்கிக்கிட்டு இருக்கிறவங்களைத்தான் தேய்க்கும்.

நகருதா, சுத்துதா?

ரெண்டாவது சோதனை காலம். "எத்தனை மாசம் ஆச்சு"ங்கிறதை விட "அந்த மாசங்கள்ல என்ன மாறுச்சு"ங்கிறதுதான் கணக்கு. செப்டம்பர்ல நீங்க பேசினதையும் ஜனவரியில பேசுறதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

முதல் ஜோடி செப்டம்பர்ல மீம்ஸ் அனுப்பிக்கிட்டாங்க. அக்டோபர்ல அவன் அம்மாவோட உடம்பு பத்திச் சொன்னான். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ அவ தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தா. நவம்பர்ல ஒரு பெரிய சண்டை, மூணு நாள் பேசல, அப்புறம் உக்காந்து பேசித் தீர்த்தாங்க. பொங்கல் லீவுக்கு முன்னாடியே, "அங்க வீட்டுல எல்லாரும் இருப்பாங்க, போன் எடுக்க முடியாது, ராத்திரி பத்து மணிக்கு மாடிக்குப் போய்ப் பேசுறேன்"னு சொல்லிட்டுப் போனான். பத்து நிமிஷம்தான் பேசினான், ஆனா பேசினான்.

இரண்டாவது ஜோடி செப்டம்பர்ல மீம்ஸ் அனுப்பிக்கிட்டாங்க. ஜனவரியிலும் மீம்ஸ். சந்திக்கிறதெல்லாம் "ஃப்ரீயா?"னு ஒரு மெசேஜ் வந்தா, அதே நாள், அவனுக்கு வசதியான நேரத்துல. அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு பிளான் போட்டதே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் எட்டு நாள் காணோம். திரும்பி வந்ததும் "சாரி டி, வீட்ல பிஸி"ன்னு எதுவுமே நடக்காத மாதிரி ஆரம்பிச்சான். அந்த எட்டு நாளைப் பத்தி அவ கேக்கல. கேக்க உரிமை இருக்கான்னு அவளுக்கே தெரியல.

முதல் உறவுக்கும் பேர் இல்லைதான், ஆனா அது நகருது. ஒருத்தர் வாழ்க்கையில இன்னொருத்தருக்கு இடம் கூடிக்கிட்டே போகுது. இரண்டாவது தொடங்கின இடத்துலயே சுத்துது. ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க: உங்க ரெண்டு பேருக்குள்ள போடுற பிளான் எவ்வளவு தூரம் முன்னாடி போகுது? இன்னைக்கு சாயங்காலமா, அடுத்த வாரமா, அடுத்த செமஸ்டரா? மாசம் ஆக ஆக அந்தத் தூரம் நீண்டா அது தொடக்கக் காதல். அஞ்சாவது மாசமும் "இன்னைக்கு ஃப்ரீயா?"லயே நின்னா, அது வேற.

இதுல ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு மோசமான வாரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இன்டர்னல்ஸ், பிளேஸ்மென்ட், வீட்டுல பிரச்சினைன்னு யாருக்கும் காணாமப் போற வாரம் வரும். காணாமப் போனவங்க திரும்பி வந்து விளக்கம் சொல்றாங்களா, இல்ல நீங்களே விளக்கத்தை உருவாக்கிக்கிறீங்களாங்கிறதுதான் வித்தியாசம்.

நாம பண்ற ரகசிய டெஸ்ட்

கேக்கப் பயம் வந்தா நாம என்ன பண்றோம்? டெஸ்ட் பண்றோம். வேணும்னே ரெண்டு நாள் மெசேஜ் பண்ணாம இருந்து பார்க்கிறோம். வேற ஒரு பையனோட போட்டோ போட்டுப் பொறாமை வருதான்னு பார்க்கிறோம். ஸ்டோரியை எத்தனாவது ஆளாப் பார்த்தான்னு எண்ணுறோம்.

இது நம்ம தலைமுறை கண்டுபிடிச்சதில்லை. 1984-ல லெஸ்லி பாக்ஸ்டர், வில்லியம் வில்மாட்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பத்தி எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே "ரகசிய சோதனைகள்". விலகி இருந்து பார்க்கிறது, மூணாவது ஆளைக் காட்டிப் பொறாமையைத் தூண்டுறது, வேணும்னே தொல்லை கொடுத்து எவ்வளவு தாங்குறாங்கன்னு பார்க்கிறதுன்னு எல்லாம் அதுல வகைப்படுத்தியிருக்கு. வாட்ஸ்அப் இல்லாத காலம் அது. இந்தச் சோதனைகள் வெறும் நட்புலயும் உறுதியான காதல்லயும் கம்மி, ரெண்டுக்கும் நடுவுல தொங்குற உறவுகள்லதான் அதிகம்னும் அவங்க பார்த்தாங்க. அடுத்த வருஷம், நெருங்கிய உறவுகள்ல மக்கள் எதைப் பேசாம தவிர்க்கிறாங்கன்னு கேட்டப்போ, பழைய காதலையோ சண்டையையோ விட முதலிடத்துல வந்த விஷயம், "இந்த உறவு எந்த நிலைமையில இருக்கு"ங்கிறதுதான். கேட்டா உள்ளதும் போயிடுமோங்கிற பயம் அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த டெஸ்ட்களோட பிரச்சினை என்னன்னா, ரிசல்ட்டை நாமளே திருத்திக்கிறோம். ரெண்டு நாள் பேசாம இருந்தும் அவன் கேக்கலைன்னா "பாவம், பிஸி". கேட்டுட்டா "பார்த்தியா, அக்கறை". எந்தப் பதில் வந்தாலும் நமக்கு வேணுங்கிற மார்க் போட்டுக்கலாம். அகத்துறைகள்ல அல்லகுறின்னு ஒண்ணு இருக்கு. தலைவன் வந்ததுக்கு அடையாளமா ஒரு சத்தம் பேசி வெச்சிருப்பாங்க. வேற ஏதோ தற்செயலா அதே மாதிரி சத்தம் வர, அதை நம்பி வந்து தலைவி ஏமாந்து திரும்புவா. "ஆன்லைன்"னு காட்டினதும் நமக்காகத்தான் வந்திருக்கான்னு போனையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிறது அசல் அல்லகுறி.

கேக்குறதுக்கு முன்னாடி, கேட்ட பின்னாடி

அதனால கடைசியில கேட்டுத்தான் ஆகணும். ஆனா கேக்குறதுக்கு முன்னாடி உங்க சந்தேகம் எது மேலன்னு பிரிச்சுப் பாருங்க. உறவுகள்ல வர்ற குழப்பத்தை ஆய்வு பண்ண லியான் நோப்லாக், டெனிஸ் சாலமன் இருவரும் 1999-ல அதை மூணாப் பிரிச்சாங்க: எனக்கு என்ன வேணும்ங்கிற குழப்பம், அவங்களுக்கு என்ன வேணும்ங்கிற குழப்பம், இந்த உறவு எங்க போகுதுங்கிற குழப்பம். நிறைய பேர் ரெண்டாவதைப் பத்தியே யோசிச்சு ராத்திரி தூக்கத்தை விடுறோம், முதல் கேள்விக்கே நம்மகிட்ட பதில் இருக்காது. உங்களுக்கே இது காதலா, தனிமைக்குத் துணையான்னு தெரியலைன்னா, அவங்ககிட்ட போய் லேபிள் கேக்குறது நியாயமில்லை.

உங்களுக்கு வேணுங்கிறது தெரிஞ்சா, நேர்ல கேளுங்க. ராத்திரி ஒரு மணிக்கு வாட்ஸ்அப்ல வேண்டாம். சண்டைக்கு நடுவுல வேண்டாம். "நாம யாரு?"னு மட்டும் கேட்டா அது வைவா கேள்வி மாதிரி ஆயிடும். உங்க நிலைமையை முதல்ல சொல்லுங்க: "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நான் வேற யாரையும் இப்படி நினைக்கல. வீட்டுக்குச் சொல்லணும்னு சொல்லல, ஊருக்குச் சொல்லணும்னு சொல்லல. எனக்குத் தெரியணும். உனக்கும் இப்படித்தானா?"

இதுக்கு வர்ற பதில்கள் பெரும்பாலும் மூணு வகை. "ஆமா"ன்னு வந்தா பிரச்சினை இல்லை. "எனக்கு அப்படி இல்ல"ன்னு வந்தா வலிக்கும், ஆனா தெளிவு. கஷ்டமானது மூணாவது: "இப்போ ஏன் அதெல்லாம்? பிளேஸ்மென்ட் முடியட்டும்."

இந்த "முடியட்டும்" ரெண்டு விதம். முதல் ஜோடியில அவன் சொன்னது: "எனக்கும் அப்படித்தான். ஆனா வேலை இல்லாம வாக்கு கொடுக்கப் பயமா இருக்கு. பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் இதைப் பேசுவோம், அதுவரைக்கும் நானும் வேற யாரையும் பார்க்கல." தள்ளி வெச்சது வாக்குறுதியை மட்டும்தான். தன் மனசுல என்ன இருக்குங்கிறதை அவன் இன்னைக்கே சொல்லிட்டான். இரண்டாவது ஜோடியில அவன் சொன்னது: "நல்லாத்தானே போகுது, ஏன் பேர் வெச்சுக் கெடுக்கணும்?" பிளேஸ்மென்ட் முடிஞ்சா ட்ரெய்னிங் வரும், ட்ரெய்னிங் முடிஞ்சா பெங்களூரு போஸ்டிங் வரும். அவன் தள்ளி வெச்சது பதிலையே. கெடு உள்ள "அப்புறம்" ஒரு பதில். கெடு இல்லாத "அப்புறம்" நாகரிகமா சொன்ன "இல்லை".

இன்னொரு விதமும் இருக்கு, நம்ம ஊருக்கே உரியது. "உன்னைப் பிடிக்கும், ஆனா எங்க வீட்ல பார்க்கிறவங்களைத்தான் கட்டிப்பேன்"ங்கிறது. இதை ரெண்டாவது மாசமே சொன்னா, அது நேர்மை. ஏத்துக்கிறதா விலகுறதான்னு நீங்க முடிவு பண்ணலாம். முதல் நாள்ல இருந்தே மனசுல வெச்சுக்கிட்டு, மூணாவது வருஷம் ஜாதகம் வந்த பிறகு சொன்னா, அது உங்க முடிவெடுக்கிற உரிமையைத் திருடினது. லேபிள் கேக்குறதோட உண்மையான பயன் இங்கதான். பேர் முக்கியம் இல்லை. அந்தப் பேச்சு நடந்தா இந்த மாதிரி விஷயங்கள் சீக்கிரமே வெளிய வந்துரும்.

ஒண்ணு சொல்லியாகணும். பேர் வேண்டாம்னு ரெண்டு பேரும் தெரிஞ்சே, பேசியே இருந்தா, அதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்க வேண்டியதில்லை. அது அவங்க வாழ்க்கை. இதே மாதிரி பையன்கள்தான் இழுத்தடிப்பாங்கன்னும் இல்லை. மேல சொன்ன இரண்டாவது ஜோடியில "அவன்" இருக்கிற இடத்துல "அவ"ன்னு போட்டுப் படிச்சாலும் நம்ம டிபார்ட்மென்ட்ல நாலு பேர் ஞாபகத்துக்கு வருவாங்க. தப்பு எங்கேன்னா, ஒருத்தர் அதைக் காதல்னு நம்பி அதுக்கான விலையைக் கொடுத்துக்கிட்டு இருக்க, இன்னொருத்தர் அது தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருக்கிறதுல.

உங்க தோழியோ நண்பனோ அந்த நிலைமையில இருந்தா, "விட்டுடு மச்சி, அவன் சரியில்ல"ன்னு தீர்ப்பு சொல்லாதீங்க. கேக்க மாட்டாங்க. சங்கத் தோழி தலைவனைத் திட்டிட்டு மட்டும் போகலை. நிலைமையைச் சொல்லி, கேள்வியைக் கேட்டா. இப்போ அந்தக் கேள்வியை நீங்க போய்க் கேக்க வேண்டாம், அது அவங்க கேக்க வேண்டியது. "பொங்கலுக்கு எட்டு நாள் ஏன் பேசலைன்னு கேட்டியா?"னு மட்டும் கேளுங்க. "கேக்கல"ன்னு பதில் வந்தா, ஏன் கேக்க முடியலைன்னு கேளுங்க. அஞ்சு மாசமா நெருங்கிப் பழகின ஒருத்தர்கிட்ட "எங்க போன?"னு கேக்கவே பயமா இருக்குன்னா, அந்த உறவு என்னங்கிறதுக்கான பதில் அதுலயே இருக்கு.